யன்னல் விளிம்பில் ஊன்றிய முழங்கை

உன்னிச்சைக் குளத்து நீரில் விளையும் வயல்களில் பெரும்போக அறுவடை முடியும் காலத்தில், நெல் ஏற்றிய லொறிகள் ஆயித்தியமலை, வவுணதீவு வழியாக வலையிறவுப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகரை நோக்கிச் செல்லும்போது, அவற்றின் சாரதிகளுள் பலர் காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டு, வலது முழங்கையைக் கதவின் விளிம்பில் ஊன்றியபடியே நெடுந்தூரம் ஓட்டுவதைக் காணலாம். இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்வதால் சாரதியின் ஆசனம் வலப்புறத்தில் அமைகிறது. ஆகவே யன்னலில் தங்குவது பெரும்பாலானோர் எழுதவும் உண்ணவும் பயன்படுத்தும் வலது கையாகவே இருக்கிறது. இப்பழக்கம் நீடிக்கும்போது மோதிரவிரலும் சுண்டுவிரலும் மட்டும் விறைத்துப்போவது, மற்றைய மூன்று விரல்களும் இயல்பாகவே இருப்பது என்ற குறிப்பிட்ட நிலை தோன்றுகிறது. நாள் முழுவதும் மேசையில் முழங்கையை ஊன்றிக் கணினித் திரையைப் பார்க்கும் எழுதுவினைஞருக்கும், கன்னத்தில் கையை வைத்தபடி இரவிரவாகப் படிக்கும் மாணவருக்கும் இதே விறைப்பு இதே இரண்டு விரல்களில்தான் வருகிறது. விரலில் உணரப்படும் இக்கோளாறின் இருப்பிடம் விரல் அன்று, முழங்கையே ஆகும்.

கைக்கு உணர்வையும் இயக்கத்தையும் கொண்டுசெல்லும் மூன்று பெரிய நரம்புகளுள் ஒன்று அல்னா நரம்பு எனப்படுகிறது. முன்னங்கையில் சுண்டுவிரல் பக்கமாக அமைந்துள்ள அல்னா எலும்பின் பெயரையே இந்நரம்பும் பெற்றுள்ளது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் முண்ணாணிலிருந்து புறப்படும் வேர்களில் தொடங்கி, அக்குளைத் தாண்டி, மேற்கையின் உட்பக்கமாக இறங்கும் இந்நரம்பு, தன் பாதையின் பெரும்பகுதியில் தசைகளுக்கு இடையே பாதுகாப்பாகவே செல்கிறது. முழங்கையை அடைந்ததும் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. முழங்கையின் உட்பக்கத்தில் விரலால் தடவினால் தெரியும் எலும்புப் புடைப்புக்கும், பின்புறத்தில் கூராக நிற்கும் முழங்கை முனைக்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டு. அப்பள்ளத்தில் நரம்பு எலும்பின்மீது நேராகக் கிடக்க, அதன்மேல் தோலும் மிக மெல்லிய கொழுப்பும் தவிர வேறெதுவும் இல்லை. கதவு நிலையில் முழங்கை இடிபட்டதும் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ஓர் அதிர்வு ஓடுகிறதே, அது எலும்பில் பட்ட அடியின் விளைவன்று. அப்பள்ளத்தில் கிடக்கும் நரம்பு நேரடியாகத் தாக்கப்பட்டதன் விளைவு.

பள்ளத்தைக் கடந்தவுடன் நரம்பு ஒரு சிறிய குடைவுக்குள் நுழைகிறது. அக்குடைவின் தரை எலும்பும் மூட்டும். அதன் கூரை, உட்புடைப்பையும் முழங்கை முனையையும் இணைக்கும் ஓர் இழைப்பட்டை. 1957ஆம் ஆண்டில் இப்பட்டையைச் சுட்டிக்காட்டி, நரம்பு நெருக்கப்படுவதற்கு இதுவும் காரணமென விளக்கிய ஆங்கில அறுவை மருத்துவர் ஒஸ்போர்னின் பெயராலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டில் பின்டெல், ஸ்ட்ராட்போர்ட் என்னும் இருவர் இவ்விடத்துக்கு முழங்கைக் குடைவு என்ற பொருளில் பெயரிட்டனர். கையை நீட்டியிருக்கும்போது குடைவு அகன்றும் கூரை தளர்ந்தும் இருக்கின்றன. முழங்கையை மடக்கினாலோ, புடைப்புக்கும் முனைக்கும் இடைப்பட்ட தூரம் கூடுவதால் கூரை இழுபட்டு இறுகி, குடைவின் உயரம் குறைந்து தட்டையாகிறது. அதே கணத்தில் நரம்பும் புடைப்பைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் சில மில்லிமீட்டர் நீட்சியடைகிறது. இழுபட்ட நரம்பு மெலிந்து இறுகிய நிலையில் இறுகிய குடைவுக்குள் அழுத்தப்படுவதே இக்கோளாறின் இயங்குமுறை. வெளியிலிருந்து ஒரு பொருள் அழுத்தாமலேயே, வெறும் மடக்குதலால் மட்டும் விறைப்பு உண்டாவதற்கும் இதுவே காரணம். முழங்கையை முற்றாக மடித்துத் தலையணைக்கடியில் கையை வைத்து உறங்குவோரும், தொலைபேசியை நெடுநேரம் காதோடு பிடித்திருப்போரும் விறைப்பை உணர்வது இதனாலேயே.

நரம்பு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதும் ஓரளவு அறியப்பட்டதே. நரம்பு ஓர் உயிருள்ள இழையம் என்பதால் அதனுள்ளும் நுண்ணிய குருதிக் குழாய்கள் ஓடுகின்றன. குருதியமுக்கத்தை அளக்கும் அதே பாதரச மில்லிமீட்டர் அலகில் கூறினால், ஏறத்தாழ 30 அலகு அழுத்தத்தில் நரம்பினுள்ளிருந்து குருதி வெளியேறுவது தடைப்படத் தொடங்குகிறது. 80 அலகை அணுகும்போது நரம்பினுள் குருதியோட்டமே நின்றுவிடுகிறது. ஊன்றிய முழங்கை இவ்வளவை எட்டுமா என்ற கேள்விக்கு விடை, எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து கிடைத்தது. சத்திரசிகிச்சைக்காக மயக்கப்பட்டவர்கள் விழித்தெழும்போது சிலருக்குச் சுண்டுவிரல் விறைத்திருப்பதைக் கவனித்த மயக்கமருந்து வைத்தியர்கள், கையை எந்த நிலையில் வைத்தால் நரம்பின்மீது அழுத்தம் விழுகிறது என்று ஆராய்ந்தனர். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உள்ளங்கை கீழ்நோக்கியிருக்கக் கையைப் பலகையில் கிடத்தியபோது முழங்கைப் பள்ளத்தில் ஏறத்தாழ 95 அலகு அளவிலான அழுத்தமும், உள்ளங்கை மேல்நோக்கியிருந்தபோது வெறும் 2 அலகு அளவிலான அழுத்தமுமே பதிவாயின. முன்னங்கை திரும்பும் திசையைப் பொறுத்து எடையைத் தாங்குவது முழங்கை முனையின் எலும்பா, நரம்பு கிடக்கும் பள்ளமா என்பது மாறிவிடுகிறது.

யன்னல் விளிம்பில் கை தங்கும் நிலையை இந்த அளவீட்டோடு பொருத்திப் பார்க்க வேண்டும். விளிம்பு தோள்மட்டத்துக்குச் சற்றே கீழே இருப்பதால் மேற்கை பக்கவாட்டில் உயர்ந்து நிற்கிறது. தோள் உயர்வதனால் நரம்பு மேலிருந்து இழுபடுகிறது. முழங்கை செங்கோணமளவில் மடிந்திருப்பதால் குடைவு சுருங்குகிறது. உள்ளங்கை கீழ்நோக்கியோ கதவின் வெளிப்புறத் தகட்டைத் தொட்டபடியோ இருப்பதால் உடலின் சாய்வு முழுவதும் பள்ளத்தின்மேல் இறங்குகிறது. இவற்றுக்கு மேலாக, விளிம்பு என்பது கண்ணாடி ஏறியிறங்கும் இடுக்கை அடுத்த கடினமான ஓரம். குண்டும் குழியுமான வயற்பாதையில் லொறி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அவ்வோரம் அதே இடத்தைக் குத்துகிறது. மேசையில் ஊன்றும்போது தோள் அவ்வளவு உயர்வதில்லை, குலுக்கலும் இல்லை. ஆனால் கதிரை தாழ்வாகவும் மேசை உயரமாகவும் அமைந்துவிட்டால் உடலின் மேற்பாதி முன்சரிந்து முழங்கைகளில் தங்கிவிடுகிறது, அதுவும் பல மணிநேரம்.

அழுத்தப்பட்ட நரம்பில் நிகழும் சேதம் மூன்று படிகளில் ஆழமாகிறது. முதற்படியில் குருதியோட்டம் மட்டுமே தடைப்படுகிறது. கையை எடுத்து உதறியதும் சில நிமிடங்களில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வோடு விரல்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இரண்டாம் படியில், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறை அவ்விடத்தில் மெலிகிறது. மின்கம்பியின்மேல் உள்ள பிளாஸ்டிக் உறைபோல அது இழையைக் காப்பதோடு நில்லாமல், செய்தி விரைந்து தாவிச் செல்லவும் உதவுவதால், உறை குலைந்த இடத்தில் செய்தி தாமதிக்கிறது அல்லது நின்றுவிடுகிறது. இந்நிலையில் விறைப்பு நாட்கணக்கில் நீடிக்கும்; அழுத்தம் நீங்கினால் உறை சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ மீண்டும் உருவாகிவிடும். மூன்றாம் படியில் இழையே அறுந்து, முறிவுக்குக் கீழுள்ள பகுதி முழுவதும் அழிகிறது. இழை மீண்டும் வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதமே. முழங்கையிலிருந்து கையின் சிறுதசைகள்வரை 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், வளர்ச்சி அங்கு போய்ச்சேர 300 நாட்கள் தேவைப்படும். அதற்கிடையில் நரம்பிழந்த தசைகள் நாளுக்குநாள் சுருங்குகின்றன. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டால் நரம்பு வந்துசேர்ந்தாலும் அவற்றால் மீண்டும் இயங்க முடிவதில்லை. இந்த ஓட்டப்பந்தயத்தில் காலமே முதன்மையான எதிரி என்பதை மனத்தில் கொண்டுதான் அறிகுறிகளை வாசிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டாக, அறுவடை நடக்கும் இரண்டு மாதங்களும் நாள்தோறும் உன்னிச்சைப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றிச் செல்லும் ஒரு சாரதியைக் கற்பனை செய்துகொள்ளலாம். தொடக்கத்தில் நகரத்தை நெருங்கும்போது மட்டும் வலது சுண்டுவிரலில் விறைப்புத் தோன்றி, இறங்கித் தேநீர் குடித்து முடிக்கும் முன்னரே மறைந்துவிடுகிறது. பின்னர் இரவில் விறைப்போடு விழிப்பு வருகிறது. அறுவடை முடியும் தறுவாயில் விறைப்பு பகலிலும் விலகாமல் நிற்கிறது. சோற்றைப் பிசையும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலின் ஒரு பாதியும் சோற்றின் சூட்டை மந்தமாகவே உணர்கின்றன. அவர் தம் கையைத் தாமே ஆராய்ந்தால் அறியக்கூடியவை மிகப் பல. விறைப்பின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதே அடைப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

முதலில் மோதிரவிரலை நுணுகிப் பார்க்க வேண்டும். இவ்விரலின் சுண்டுவிரல் பக்கப் பாதிக்கு அல்னா நரம்பும், நடுவிரல் பக்கப் பாதிக்கு மணிக்கட்டின் நடுவே செல்லும் இன்னொரு நரம்பும் உணர்வளிக்கின்றன. பஞ்சுத் துணுக்கொன்றால் விரலின் இரு பக்கங்களையும் மாறிமாறித் தொட்டால், விரலின் நடுக்கோட்டில் வெட்டியதுபோல ஒரு பாதி மந்தமாகவும் மறுபாதி தெளிவாகவும் தெரியுமாயின், சேதம் அல்னா நரம்பிலேயே இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கழுத்தெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பு வேரை நெருக்கும்போது விரல் இவ்வாறு இரண்டாகப் பிளவுபடுவதில்லை. மோதிரவிரல் முழுவதும் விறைக்கிறது, அத்துடன் முன்னங்கையின் உட்பக்கத் தோலும் மந்தமாகிறது. முன்னங்கைத் தோலுக்கு உணர்வு கொடுப்பது முழங்கைக் குடைவுக்குள் நுழையாத வேறொரு கிளை என்பதால், அங்கு விறைப்பு இருப்பது முழங்கை குற்றவாளியன்று என்பதற்கான வலுவான சான்று. நெடுங்காலம் புகைத்தவருக்கு இவ்வாறு முன்னங்கையோடு சேர்ந்த விறைப்பும் தோள்வலியும் ஒருங்கே வந்தால் நெஞ்சின் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டியும் அதே வேர்களை நெருக்கக்கூடும்.

அடுத்துப் புறங்கையைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டுக்கு ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மேலேயே அல்னா நரம்பிலிருந்து ஒரு கிளை பிரிந்து, புறங்கையின் சுண்டுவிரல் பக்கத் தோலுக்குச் செல்கிறது. நரம்பு முழங்கையில் அடைபட்டால் இக்கிளையும் பாதிக்கப்படுவதால் புறங்கையின் அப்பகுதி மந்தமாகிறது. மணிக்கட்டில் அடைபட்டால் கிளை ஏற்கெனவே பிரிந்துவிட்டதால் புறங்கை தெளிவாகவே இருந்து, உள்ளங்கைப் பக்கம் மட்டும் விறைக்கிறது. சைக்கிள் கைப்பிடியில் நெடுநேரம் சாய்ந்து ஓட்டுவோருக்கு வரும் விறைப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நமது சாரதியின் புறங்கை மந்தமாக இருக்கும். முன்னங்கை தெளிவாக இருக்கும். அடைப்பு மணிக்கட்டுக்கு மேலும் கழுத்துக்குக் கீழும் உள்ளது என்பது இந்த இரண்டு தொடுகைகளாலேயே முடிவாகிவிடுகிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைப்பதாகச் சொல்பவரின் கதை முற்றிலும் வேறானது. அது மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பைப் பற்றியது.

உணர்வு மந்தமாவதைவிடக் கவலைக்குரியது தசை மெலிவது. உள்ளங்கைக்குள்ளும் விரல்களுக்கிடையிலும் உள்ள சிறுதசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது அல்னா நரம்பே; விரல்களை விரிப்பது, ஒன்றோடொன்று சேர்ப்பது, பெருவிரலைச் சுட்டுவிரலோடு இறுக்குவது ஆகிய யாவும் அதன் பொறுப்பு. முன்னங்கையில் உள்ள இரண்டு பெரிய தசைகளுக்கும் அது கிளை தருகிறது. ஆயினும் முழங்கைக் கோளாறில் அப்பெரிய தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நரம்பின் குறுக்குவெட்டுக்குள் இழைகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுமையோடு வரைபடமாக்கிய ஆஸ்திரேலிய அறிஞர் சிட்னி சண்டர்லண்டின் பணி இதற்கு விளக்கம் தந்தது: முழங்கையருகே தோலின் உணர்விழைகளும் கையின் சிறுதசைகளுக்குரிய இழைகளும் நரம்பின் மேற்பரப்பை ஒட்டியும், முன்னங்கைத் தசைகளுக்குரிய இழைகள் ஆழத்திலும் அமைந்துள்ளன. வெளியிலிருந்து வரும் அழுத்தம் மேற்பரப்பையே முதலில் தாக்குகிறது. ஆகவே பிடி முற்றாகத் தளரவில்லை என்பதைக்கொண்டு நரம்பு நலமாயிருப்பதாக எண்ணிவிடக்கூடாது.

சிறுதசைகளின் நிலையை அறிய 1915இல் பிரெஞ்சு வைத்தியர் ஜூல் புரோமன் விவரித்த சோதனை இன்றும் போதுமானது. இரு கைகளின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையில் ஒரு தாளைப் பிடித்து, இருபுறமும் எதிரெதிராக இழுக்க வேண்டும். நலமான கையில் பெருவிரல் நேராக நின்று தாளைச் சுட்டுவிரலோடு அழுத்தும். அல்னா நரம்பு வலுவிழந்த கையில் அவ்வேலையைச் செய்யும் தசை ஓய்ந்துவிட்டதால், வேறொரு நரம்பால் இயங்கும் தசை உதவிக்கு வந்து பெருவிரலின் நுனிமூட்டை மடக்குகிறது. தாள் நழுவாமல் இருக்கலாம். ஆனால் ஒரு பெருவிரல் நேராகவும் மற்றது கொக்கிபோல் மடிந்தும் நிற்பது கண்ணுக்குப் புலப்படும். மேலும் இரண்டு தடயங்கள் உண்டு. சுண்டுவிரல் தானாகவே விலகி நின்று, சட்டைப்பையில் கையை விடும்போது வெளியே தட்டுப்படுகிறது. புறங்கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சதைப்பிடிப்பாய் எழும்பியிருக்க வேண்டிய இடம் குழிவிழுந்திருக்கிறது. இரு கைகளையும் ஒளியில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் இக்குழிவு தவறாமல் தெரியும், தெரிந்தபின் வைத்தியசாலைக்குச் செல்வதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக்கூடாது.

அங்கு செய்யப்படும் நரம்புக் கடத்தற் சோதனையின் அடிப்படை எளிமையானது. தோலின்மேல் சிறிய மின்தூண்டலைக் கொடுத்து, சுண்டுவிரலடித் தசை துடிப்பதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை மணிக்கட்டிலும், முழங்கைக்குக் கீழும், முழங்கைக்கு மேலுமாக மூன்று இடங்களிலிருந்து அளக்கின்றனர். மணிக்கட்டுக்கும் முழங்கைக்குக் கீழுள்ள புள்ளிக்கும் இடையே 22 சென்டிமீட்டர் தூரத்தைச் செய்தி 3.8 மில்லிசெக்கனில் கடந்தால், அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 58 மீட்டர், இது இயல்பானது. முழங்கையைச் சுற்றியுள்ள 10 சென்டிமீட்டர் தூரத்துக்கு மட்டும் 2.7 மில்லிசெக்கன் ஆகுமெனில், அங்கு வேகம் 37 மீட்டராக வீழ்ந்திருக்கிறது. முழங்கையில் வேகம் 50 மீட்டருக்குக் குறைவதும், முன்னங்கையைவிட 10 மீட்டருக்கு மேல் பின்தங்குவதும் அடைப்பின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கையை நீட்டி வைத்து அளந்தால் நரம்பு தளர்ந்து நெளிந்து கிடக்கும். தோலின்மேல் நாடாவால் அளக்கும் தூரமோ நரம்பின் உண்மை நீளத்தைவிடக் குறைவாக இருக்கும். கணக்கில் வேகம் பொய்யாகக் குறைந்து தோன்றும். முழங்கையை 70 முதல் 90 பாகைவரை மடக்கிய நிலையில் அளக்க வேண்டும் என்ற விதி அதற்காகவே வகுக்கப்பட்டது. தொடக்க நிலையில் இச்சோதனை முற்றிலும் இயல்பாகவே வரக்கூடும் என்பதால், அறிகுறிகளைப் புறந்தள்ளி எண்களை மட்டும் நம்புவதும் சரியன்று.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் இவ்வாறான விறைப்பை ஆராயும்போது தவறவிடக்கூடாத வேறொரு காரணம் தொழுநோய். வாவியின் நடுவே மாந்தீவில் நெடுங்காலம் இயங்கிய தொழுநோய் வைத்தியசாலை இப்பகுதி மக்கள் அறிந்ததே. நோய் இன்று மருந்தால் முற்றாகக் குணமாகக்கூடியது எனினும், இலங்கையில் புதிய நோயாளர் இன்னமும் கண்டறியப்படும் மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. அந்நோயின் கிருமி எல்லா நரம்புகளையும் ஒரேயளவில் தாக்குவதில்லை. மிக அதிகமாகத் தாக்கப்படுவது அல்னா நரம்பு, அதுவும் முழங்கையருகில்.

இந்த ஒற்றுமைக்கான காரணத்தைத் தேடிய வரலாறு தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோய் வல்லுநர் ராபர்ட் கொக்ரேனின் அழைப்பின்பேரில் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டபோது, விரல்கள் நகம்போல் வளைந்து இறுகிய கைகளைக் கண்டார். அக்கைகளில் சில தசைகள் முற்றாகச் செயலிழந்திருக்க, வேறு சில முழு வலிமையோடு இருந்தன. இறந்த நோயாளரின் உடல்களில் நரம்புகளைத் தோள்முதல் விரல்வரை திறந்து பார்த்தபோது, அவை ஆழத்தில் செல்லுமிடங்களில் இயல்பாகவும், தோலை நெருங்கி வரும் இடங்களில், குறிப்பாக முழங்கைக்குச் சற்று மேலே, பருத்து வீங்கியும் காணப்பட்டன. தொழுநோய்க் கிருமி உடலின் உள்வெப்பமாகிய 37 பாகையைவிடச் சில பாகை குறைந்த சூழலிலேயே செழிக்கிறது. தோலை ஒட்டிய நரம்பு அத்தகைய குளிர்ந்த இடமாகிறது. எந்த மேலோட்டமான அமைவிடம் அந்நரம்பை யன்னல் விளிம்புக்குக் காட்டிக்கொடுக்கிறதோ, அதுவே அதைக் கிருமிக்கும் உகந்த இருப்பிடமாக்குகிறது. எந்தத் தசைகள் எப்போதும் தப்புகின்றன என்பது இவ்வாறு உறுதியானபின், அத்தசைகளின் நாண்களை வேறிடத்துக்கு மாற்றிப் பொருத்திச் செயலிழந்த விரல்களை மீண்டும் இயங்கவைக்கும் அறுவைமுறைகள் வேலூரில் உருவாயின.

இரண்டு காரணங்களையும் பிரித்தறிவது கடினமன்று. யன்னலால் வரும் விறைப்பு பழக்கத்தோடு சேர்ந்து கூடிக் குறைகிறது. நரம்பு தடிப்பதில்லை, தடித்தாலும் சிறிதளவே. தொழுநோயில் முழங்கைக்கு மேலே நரம்பு கயிறுபோல் தடித்து விரலுக்குத் தட்டுப்படுகிறது, சில வேளைகளில் தொட்டாலே நோகிறது. உடலின் வேறெங்காவது நிறம் வெளிறிய அல்லது சிவந்த, உணர்வற்ற படை இருக்கக்கூடும். சூடு உணராமல் விரலில் ஏற்பட்ட தீக்காயமும், வலியில்லாத புண்ணும் முக்கியமான தடயங்கள். தோலில் படையே இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் வகையும் உண்டு என்பதால், காரணம் தெளிவில்லாத விறைப்பில் வைத்தியர் இரு முழங்கைகளையும் தடவிப் பார்த்தே ஆகவேண்டும். அதற்குரிய கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. நரம்பு அழற்சி தொடங்கிச் சில மாதங்களுக்குள் பிரெட்னிசலோன் கொடுக்கப்பட்டால் இழந்த இயக்கம் பெருமளவு மீளக்கூடும். நீரிழிவு உள்ளவரின் நரம்புகள் சிறிய அழுத்தத்துக்கும் எளிதில் சேதமடைவதால், இவ்விறைப்போடு வரும் எவருக்கும் குருதியில் சீனியின் அளவைப் பார்ப்பதும் வழக்கமாகிறது.

அழுத்தத்தால் வந்த கோளாறாயின் முதற்சிகிச்சை அழுத்தத்தை நீக்குவதே. 2009இல் சுவீடனில் வெளியான ஓர் ஆய்வில், மென்மையான அல்லது நடுத்தரமான கோளாறுடையோரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரவில் முழங்கையை மடியாமல் வைக்கும் பட்டையும், ஒரு பிரிவினருக்கு நரம்பை வழுக்கிச் செல்லவிடும் உடற்பயிற்சியும், ஒரு பிரிவினருக்கு எந்த நிலைகள் நரம்பை நெருக்குகின்றன என்ற விளக்கம் மட்டுமும் கொடுத்தனர். ஆறு மாதத்தின்பின் மூன்று பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் தேறியிருந்தனர். காரணத்தை விளங்கிக்கொண்டு கையின் நிலையை மாற்றியவர்களுக்கு அதற்குமேல் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை.

சாரதிக்கு இது கையைக் கதவுக்குள்ளே வைத்துக்கொள்வதையும், முழங்கை மிகையாக மடியாதவாறு ஆசனத்தைச் சற்றுப் பின்னகர்த்துவதையும் குறிக்கிறது. மேசையில் வேலை செய்பவர் கதிரையை உயர்த்தி, எடை முழங்கையில் அல்லாது முன்னங்கையின் சதைப்பகுதியில் தங்குமாறு செய்யலாம். இரவில் தடித்த துவாயொன்றை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால் உறக்கத்தில் கை முற்றாக மடிவதில்லை. இறுக்கிக் கட்டினால் அக்கட்டே அழுத்தமாகிவிடும். விறைப்புக்கு எண்ணெய் பூசி முழங்கைப் பள்ளத்தை அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கமெனினும், நெருக்கப்பட்ட நரம்பை மேலும் நெருக்கும் அச்செயலைத் தவிர்ப்பதே நல்லது. விற்றமின் மாத்திரைகள், குறைபாடு உள்ளவருக்கன்றி, இறுகிய பட்டையைத் தளர்த்திவிடுவதில்லை.

நிலைகளை மாற்றி மூன்று மாதமளவிலும் விறைப்பு விலகாவிட்டாலோ, தசை மெலிவு தொடங்கிவிட்டாலோ அறுவைச் சிகிச்சை ஆராயப்படுகிறது. ஒஸ்போர்ன் சுட்டிய கூரைப்பட்டையை வெட்டிக் குடைவைத் திறந்துவிடுவது ஒரு முறை. நரம்பைப் பள்ளத்திலிருந்து எடுத்து, மடக்கும்போது இழுபடாதவாறு புடைப்பின் முன்புறத்துக்கு மாற்றுவது மற்றொரு முறை. பெரும்பாலானோருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருவதாக ஒப்பீடுகள் காட்டுவதால், மூட்டு கோணலாகவோ நரம்பு பள்ளத்திலிருந்து நழுவுவதாகவோ இல்லாதவரை எளிய முறையையே பலர் தெரிவுசெய்கின்றனர். அறுவைக்குப் பின் முதலில் நீங்குவது இரவு விறைப்பு. விரல்நுனியின் நுண்ணுணர்வு மாதக்கணக்கில் மெல்லத் திரும்புகிறது. குழிவிழுந்த புறங்கைச் சதை கடைசியாகவே நிறைகிறது, நெடுநாள் காத்திருந்து வந்தவரில் அது நிறையாமலே நின்றுவிடுவதும் உண்டு.